அத்தை குடிக்கும் பட்டைத் தண்ணீர்

மயிலாடுதுறையில் இருக்கும் என் அத்தைக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிடுவார். ஒரு வருடமாக, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியைக் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. தெரு முனை மளிகைக்கடையில் நூறு கிராம் பட்டை வாங்கி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பார். சர்க்கரை கூடிவிட்டது என்று தோன்றுகிற நாட்களில் ராத்திரியும் ஒரு ஸ்பூன்.

போன முறை போயிருந்தபோது அந்த டம்ளரை நான்தான் கழுவினேன். அடியில் கொழகொழவென்று, சப்ஜா விதை ஊறியது மாதிரி ஒரு படிவு. "பட்டை ஊறினா அப்படித்தாண்டா இருக்கும்" என்றார் அத்தை. அது எல்லாப் பட்டையும் செய்கிற வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணம் போய்வந்த உறவினர் ஒருவர், அங்கே கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்திருந்தார். "இது கறுவா, நல்ல சாமான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பொட்டலத்தையும் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருந்த பட்டையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே மரத்துப் பொருளாக இருக்க வழியில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது.

வீட்டுப் பட்டை முரடாக, கனமாக, செம்பழுப்பாக இருந்தது. ஒரே ஒரு தடித்த தோல்; அதன் இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டு, ஓலைச்சுருளை இருபுறமும் சுருட்டியது போல் நடுவில் சந்தித்தன. கையால் உடைக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக் கறுவா வைக்கோல் கலந்த மண் நிறத்தில், காகிதம் போன்ற மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு, சுருட்டு மாதிரி இருந்தது. விரலால் அழுத்தியதும் பொலபொலவென்று நொறுங்கியது. முகர்ந்தால் பட்டையின் வாசனைக்குள்ளே கொஞ்சம் கிராம்பும் கொஞ்சம் பூ வாசமும் வந்தன. வீட்டுப் பட்டை அப்படி இல்லை. மூக்கைக் குத்துகிற ஒரே வாசனை, காரமும் இனிப்பும் சேர்ந்தது.

இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்தான். இலங்கைக் கறுவாவைத் தருவது சின்னமோமம் வேரம் என்ற மரம். தாவரவியலார் வைத்த பெயரிலேயே 'உண்மையானது' என்ற சொல் இருக்கிறது. சின்னமோமம் செய்லானிக்கம் என்பது அதன் பழைய பெயர். இன்னொன்றுக்குப் பொதுவாகக் காசியா என்று பெயர். அது ஒரே மரமும் இல்லை. சீனாவில் வளர்வது ஒன்று, வியட்நாமில் இன்னொன்று, இந்தோனேசியாவில் மூன்றாவது. உலகச் சந்தையில் புழங்கும் பெரும்பகுதி இந்த மூன்றுதான். இந்தியாவுக்குக் கப்பலில் வந்து, மொத்த வியாபாரிகள் கை மாறி, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் மளிகைக்கடைகளின் டின்களுக்குள் இறங்குவதும் பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியா சரக்குத்தான். ஆக, 'கடையில் விற்கிற பட்டையில் பெரும்பகுதி உண்மையான பட்டையா?' என்று கேட்டால் பதில், இல்லை. நம் ஊரில் வெறுமனே 'பட்டை' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் காசியா.

ஒரு சிறு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊர்ச் சரக்கொன்றைக்கும் தாவரவியல் பெயரில் 'காசியா' என்று வரும். அதற்கும் இந்தப் பட்டைக்கும் எந்த உறவும் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

காசியா மலிவு, கறுவா விலை அதிகம், பல மடங்கு. அதற்குக் காரணம் மரத்தைவிடக் கைவேலைதான். இலங்கையில் கறுவாவை மரமாக வளரவிடுவதில்லை. அடியோடு வெட்டி, தூரிலிருந்து கிளம்பும் இளங்கொம்புகளை இரண்டு வருடம் போல வளரவிட்டு வெட்டுகிறார்கள். மழை பெய்து பட்டை இளகும் பருவம் பார்த்து வெட்ட வேண்டும். வெளித்தோலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, கொம்பைப் பித்தளைத் தடியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அப்போதுதான் உள்பட்டை கட்டையிலிருந்து கழலும். பிறகு சிறு கத்தியால் கீறி, கிழியாமல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உள்ளே துண்டுத் துணுக்குகளை நிரப்பி, ஏறக்குறைய 42 அங்குல நீளக் குழலாக்கி நிழலில் காயவைக்கிறார்கள். உரிப்பவர் கை தேர்ந்தவராக இல்லாவிட்டால் பட்டை கிழிந்து தரம் இறங்கிவிடும். ஆறு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத, மிக ஒல்லியான குழலுக்குத்தான் உச்ச விலை; அந்த ரகத்துக்கு ஆல்பா என்று பெயர். காசியாவுக்கு இவ்வளவு சடங்கு கிடையாது. வயதான மரத்தின் தடித்த பட்டையை உரித்துக் காயவைத்தால் அதுவாகவே சுருண்டுகொள்ளும்.

நம் கடற்கரைக்கும் கறுவாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் பிடித்தார்கள். கறுவாவைத் தங்கள் முற்றுரிமையாக வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், 1690இலிருந்து நாகையைத் தன் சோழமண்டலத் தலைமையிடமாக வைத்திருந்தது. ஒரே கொடி பாக் நீரிணையின் இரு கரையிலும் பறந்தது. அப்படியிருந்தும் இன்று நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது பக்கத்துத் தீவின் பட்டை இல்லை, தென்சீனக் கடலைத் தாண்டி வந்த பட்டை. இது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, வேறு மரம் என்றால் என்ன, குருமா மணக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு இரண்டிலும் உண்டு. காசியா எண்ணெயில் பெரும்பகுதியே அதுதான். அதனால்தான் காரமான, நேரடியான வாசனை. கறுவாவில் அது சற்றுக் குறைவு, கூடவே கிராம்பில் இருக்கும் யூஜினால் போன்ற வேறு வாசனைப் பொருள்களும் கலந்திருக்கும். நாகூர்ப் பக்கம் பிரியாணி ஆக்குகிற சமையல்காரர் ஒருவரிடம் அந்தக் கறுவாவைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசம் நல்லாருக்கு தம்பி. ஆனா இது சட்டியில நிக்காது. கறிக்கு நம்ம முரட்டுப் பட்டைதான்" என்றார். கொதிக்கும் எண்ணெயையும் இறைச்சியின் வாடையையும் தாண்டி எழுந்து நிற்பது காசியாதான். நம் சமையலுக்கு அது பொருந்திவிட்டது. அதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வித்தியாசம் முக்கியமாவது குமரின் என்ற பொருளில்தான்.

குமரின் சில செடிகளில் இயற்கையாகவே இருக்கும் வாசனைப் பொருள். புதிதாக வெட்டிய புல்லும் காய்ந்த வைக்கோலும் தருகிற இனிய வாசனையில் அதற்குப் பங்கு உண்டு. 1820இல் தென் அமெரிக்காவின் தொங்கா என்ற விதையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். வெனிலா போல மணப்பதால் வெகுகாலம் உணவில் வாசனைக்காகச் சேர்த்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரல் கெட்டது தெரியவந்ததும், 1954இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அந்தத் தடை தனியாக எடுத்துக் கலக்கும் குமரினுக்குத்தான். பட்டைக்குள் தானாகவே இருப்பது வேறு விஷயம்.

கறுவாவில் குமரின் மிகச் சொற்பம். பல மாதிரிகளில் கருவிக்கே பிடிபடுவதில்லை. காசியாவில் அது தாராளம். ஜெர்மனியில் 2006 வாக்கில், கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளில் குமரின் அதிகம் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அதை ஒட்டி அந்த நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கடைப் பொடிகளைப் பரிசோதித்துப் பார்த்துக் கணக்குகளை வெளியிட்டது. கிலோவுக்குச் சராசரியாக 3,000 மில்லிகிராம் என்பது அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட அளவு. அதாவது ஒரு கிராம் காசியாப் பொடியில் சுமார் 3 மில்லிகிராம். இது சராசரிதான். ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரே மரத்தின் வெவ்வேறு பகுதியில் எடுத்த பட்டைகளில்கூட அளவு மாறுகிறது. ஆகவே இந்த டப்பாவில் இவ்வளவு என்று பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு வரை பரவாயில்லை? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் ஓர் அளவை வைத்தது, 2008இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்க தினமும் எடுத்தாலும் கெடுதல் வராது என்று கருதும் அளவு இது. இதைத் தாண்டிய மறுநாளே ஏதோ நடந்துவிடும் என்று அர்த்தமில்லை. இந்த அளவைப்போல் மூன்று மடங்கு வரை ஓரிரு வாரம் எடுத்தால் கவலையில்லை என்றும் அதே ஆணையம் சொன்னது. சிக்கல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தாண்டிக்கொண்டே இருப்பதில்தான்.

இப்போது அத்தையின் கணக்குக்கு வருகிறேன். அவர் எடை 55 கிலோ. ஆக அவருக்கு நாளொன்றுக்கு 5.5 மில்லிகிராம் குமரின் எல்லை. அவர் ஸ்பூனில் அள்ளுகிற பொடியை, பக்கத்துத் தெருவில் நகை அடகு பிடிக்கும் கடையின் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தலை குவிய அள்ளுகிறவர், மூன்று கிராம் வந்தது. மூன்று கிராமுக்குச் சராசரிக் கணக்கில் 9 மில்லிகிராம். காலை டம்ளர் ஒன்றிலேயே எல்லையை ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டிவிட்டார். ராத்திரியும் குடிக்கிற நாளில் 18, எல்லையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டிய அளவு. ஓரிரு வாரம் என்றால் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். அவர் குடித்தது ஒரு வருடம்.

அவர் பொடியை வடிகட்டுவதும் இல்லை, அடிக்கசடோடு குடித்துவிடுவார். அதனால் பொடியில் இருக்கிற குமரின் முழுவதும் உள்ளே போகிறது. பட்டைத் துண்டைக் கொதிக்கவைத்து வடித்துக் குடிப்பவர்களுக்கு அளவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குமரின் குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும், கொதிநீரில் நன்றாகக் கரையும். அதனால் கஷாயம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இதே கணக்கைப் பிரியாணிக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஐந்தாறு கிராம் பட்டை போடுவார்கள். ஐந்து கிராம் என்று வைத்து, அதில் இருக்கிற குமரின் முழுக்கச் சோற்றில் இறங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் 15 மில்லிகிராம். பத்துப் பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றரை. பட்டைத் துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதையும் தினமும் சாப்பிடுவதில்லை. குருமா, சால்னா, கறிக்குழம்பு, கல்யாண வீட்டுக் குஸ்கா எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். 'கடைப் பட்டை விஷம், வீட்டை விட்டு எறியுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற எச்சரிக்கைகளை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். மசாலாவாக இருக்கிறவரை காசியா நமக்கு ஒரு தொந்தரவும் தந்ததில்லை. மருந்து என்று ஸ்பூன் கணக்கில் அள்ளத் தொடங்கும்போதுதான் எந்த மரத்துப் பட்டை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கணக்குச் சீக்கிரம் இறுகும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எல்லை ஒன்றரை மில்லிகிராம். அரை கிராம் காசியாப் பொடியே அதை எட்டிவிடும். சளிக்கு நல்லது என்று தினமும் பாலில் பட்டைப் பொடி கலந்து தருகிற வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குமரின் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதிலும் தவறான பேச்சு நிறைய உலவுகிறது. அது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பார்கள். வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு பெயர் ஒட்டி வருவதால் வந்த குழப்பம் இது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தப் புல்லில் இருந்த குமரினைப் பூஞ்சை வேறொரு பொருளாக மாற்றியிருந்தது. அந்த மாறிய பொருளைக் கண்டுபிடித்து, அதன் வழியில்தான் வார்ஃபரின் உருவானது. பட்டையில் இருக்கிற குமரின் அப்படியே ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. அதன் கவலை கல்லீரலோடுதான்.

பெரும்பாலானவர்களின் கல்லீரல் குமரினை ஓர் எளிய வழியில் மாற்றிச் சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும். எலியின் கல்லீரலில் அந்த வழி பலவீனம். அங்கே குமரின் வேறு வழியில் சிதைந்து நச்சுப் பொருள் உண்டாகிறது. அதனால்தான் எலி சோதனையில் தெரிகிற கெடுதல் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மனிதரிலும் ஒரு சிறு பகுதியினருக்குக் கல்லீரல் சுணங்குகிறது. இது பட்டையிலிருந்து தெரிந்ததில்லை. கை கால் வீக்கத்துக்குக் குமரினையே மாத்திரையாகக் கொடுத்த நாடுகளில் தெரிந்தது. எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் ஏறின. சிலருக்கு மஞ்சள் காமாலையே வந்தது. ஆஸ்திரேலியாவில் அந்த மாத்திரையை 1990களில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்பது ஆறுதல். யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நாக்கில், வயிற்றில் எந்த அடையாளமும் காட்டாது. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிற எண்களில்தான் முதலில் தெரியும்.

சர்க்கரைக்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பும் பல பேருக்குச் சேர்ந்தே வருகின்றன. தினமும் பட்டை குடிக்கக் கிளம்புகிறவர்களில், ஏற்கெனவே கல்லீரல் களைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னொன்றும் புரியும். 2003இல் பாகிஸ்தானில் 60 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு நாளுக்கு 1 கிராம், சிலருக்கு 3, சிலருக்கு 6 கிராம் பட்டைப் பொடியைக் காப்ஸ்யூலில் அடைத்து 40 நாள் கொடுத்தார்கள். மூன்று அளவிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகக் குறைந்தது. உலகம் முழுக்கப் பட்டைக்கு மருந்துப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் கொடுத்த பட்டை காசியா. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த 6 கிராமைத் தினமும் சாப்பிட்டால், சராசரிக் கணக்கில் குமரின் எல்லையைப்போல் சரியாக மூன்று மடங்கு உள்ளே போகும். ஆய்வு 40 நாளில் முடிந்துவிட்டது. செய்தியைப் படித்தவர்கள் நிறுத்தவில்லை. பிறகு நடந்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. 2012இல் காக்ரேன் குழுவினர் 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். 'குமரின் இல்லாத கறுவாவுக்கு மாறிவிட்டால் அதே பலன் பாதுகாப்பாகக் கிடைக்கும்' என்று விற்பவர்கள் சொல்வதை நான் நம்பாமல் இருப்பதும் இதனால்தான். சோதித்தது ஒரு பட்டையை, விற்பது இன்னொன்றை.

அப்புறம், வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? முழுப் பட்டையாக இருந்தால் சுலபம். முனையைப் பாருங்கள். மெல்லிய தோல்கள் பல அடுக்காக நெருங்கியிருந்து, கையால் நொறுக்க முடிந்தால் அது கறுவாதான். காசியாவை அப்படிச் செய்ய முடியாது. ஒரே தோல், தடிமன், இருபுறமும் உள்ளே சுருண்டிருப்பது, உடைக்கக் கல் தேவைப்படுவது என்றால் பெரும்பாலும் காசியா. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் வீட்டுத் தோட்டத்துக் கறுவா மரத்திலிருந்து முற்றிய பட்டையைச் சுரண்டாமல் எடுத்தால் அதுவும் தடிமனாகத்தான் இருக்கும். இன்னொரு பக்கம், இந்தோனேசியப் பட்டையை வெளித்தோல் சீவி வழவழப்பாக, அழகான குழலாக விற்பார்கள், பார்த்ததும் ஏமாந்துபோகலாம். அங்கேயும் முனை காட்டிக்கொடுக்கும். அடுக்கு இருக்காது, ஒற்றைத் தோல்தான் இருக்கும்.

பொடியாகிவிட்டால் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் உதவுகிற ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவிட்டு, இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட வேண்டும். காசியாவில் மாவுச்சத்து அதிகம், கருநீலமாக மாறும். நல்ல கறுவாவில் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் பொடியில் யாராவது மாவு கலந்திருந்தாலும் நீலம் வரும். தரம் குறைந்த கறுவாவிலும் கொஞ்சம் வரும். அதனால் இதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். அத்தையின் டம்ளர் அடியில் இருந்த கொழகொழப்பும் ஒரு குறிப்புத்தான். காசியாப் பொடியில் வழவழப்பான பசைப்பொருள் உண்டு, இந்தோனேசியப் பட்டையில் குறிப்பாக. தண்ணீரில் அது ஊறி இறுகும். என் கறுவாவை அதே மாதிரி ஊறவைத்துப் பார்த்தேன், தூளாகவே அடியில் தங்கியது.

கடையில் கேட்கிற சொல்லும் முக்கியம். மளிகைக்கடையில் 'பட்டை', 'லவங்கப்பட்டை' இரண்டுக்கும் ஒரே டின்னைத்தான் திறப்பார்கள். நாட்டு மருந்துக்கடையில் 'சன்ன லவங்கப்பட்டை' என்று கேட்டால் மெல்லிய ரகத்தை எடுப்பார்கள். சித்த மருந்துகளில் இந்தப் பெயர் வருவதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியும். சில ஊர்களில் 'சுருள் பட்டை' என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும் முனையைப் பார்த்து, ஒரு துண்டை நொறுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்தியாவின் உணவுத் தர விதிகள் இரண்டையும் இரண்டு தனிப் பொருளாகவே வரையறுத்திருக்கின்றன. கறுவாவுக்குத் தால்சீனி, காசியாவுக்குத் தாஜ் என்று பெயர். பாக்கெட்டில் எது என்று எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. தமிழில் இரண்டுக்கும் 'பட்டை' என்று ஒரே சொல்லை அச்சடிக்கும்வரை இந்தக் குழப்பம் தீராது. இலங்கைத் தமிழர்கள் வைத்திருக்கிற 'கறுவா' என்ற நல்ல சொல்லை நாமும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் காசியா என்றே எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தையிடம் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான் கேட்டார். "அப்போ இத்தனை நாள் குடிச்சது?" என்றார். ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பார்த்துவிடுவோம் என்று சொல்லி, அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது கல்லீரலுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். பட்டைத் தண்ணீர் குடித்துவந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவும் சொன்னேன். அதுவரை அவர் சொன்னதே இல்லை. 'மளிகைச் சாமான்தானே, அதையெல்லாமா சொல்லுவாங்க' என்று இருந்திருக்கிறார். பரிசோதனையில் நொதி அளவுகள் எல்லைக்குள்தான் இருந்தன. டாக்டர் பட்டைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாத்திரை அளவை மட்டும் கொஞ்சம் மாற்றினார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீதமிருந்த பொடியை அத்தை கொட்டவில்லை. கறிமசாலா அரைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தீர்த்தார். நான் கொடுத்த கறுவாவை ஒரு நாள் டீயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மணமா இருக்கு, ஆனா காரமே இல்லையேடா" என்றார்.